ஜோதி வைத்த குட்டி முகங்கள்

சனிக்கிழமை மத்தியானம் அம்மா மண்டபம் ரோட்டு மாடியில் வெப்சைட் செய்துகொடுக்கும் ஆபீஸில் இருந்தவர்கள் மூன்று பேர். ஏசிக்கு நேர் கீழே முதலாளி சிவசங்கர். ஜன்னலோரம் வஹீதா, வேலைக்கு வந்து நாலு மாதம். பிரிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் ஜோதி, ஆறு வருஷம். ஜன்னலோர நாற்காலி போன மாதம் வரை ஜோதியுடையது. "அந்தப் பொண்ணுக்கு வெளிச்சம் வேணும்மா" என்றார் சார். ஜோதிக்கு மட்டும் இருட்டில் கண் தெரியுமாக்கும்.

நாற்காலி போகட்டும். உப்பிலியபுரம் உழவர் சங்கமும் கைவிட்டுப் போகும்போல இருந்தது. அது ஜோதி பிடித்து வந்த கஸ்டமர். சொந்த ஊர்க்காரர்கள். பச்சைமலைக்கு பஸ் ஏறிப்போய், சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவரையும் அவரவர் கொல்லையில் நிறுத்திப் படம் எடுத்தவளும் அவள்தான். இப்போது சங்கத்துக்குப் புது வெப்சைட். பழையது மாலை ஆறு மணிக்கு மூடப்படுகிறது. அதன் பாஸ்வேர்டு, சாரோடு சண்டை போட்டுப் பிரிந்த கூட்டாளியோடு போயிற்று. படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கும் செத்துப்போயிற்று. பழைய சைட்டின் பக்கங்களிலிருந்தே படங்களை இறக்கவேண்டும். "வஹீதா இதை நல்லா முடிச்சுட்டா, இனிமே அந்த சங்கத்தை அவளே பாத்துக்கட்டும்" என்று சார் சொல்லிவிட்டார்.

வஹீதா ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அந்தப் பக்கங்களிலுள்ள படங்களின் முகவரிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாக இறக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே இரண்டு செகண்ட் பொறுக்கும். ரோபோக்கள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சைட்காரர் எழுதிவைத்த குறிப்பை முதலில் படிக்கும். இன்ன ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று பெயரும் சொல்லும்.

"பாத்தியா ஜோதி? கதவத் தட்டி, பேரச் சொல்லி, உள்ள வருது. என்னா மரியாதை!" என்றார் சார்.

ஆறு வருஷமாக ஜோதி ரைட் கிளிக் செய்து ஒவ்வொரு படமாக எடுத்தாளே, அது என்ன, சுவரேறிக் குதித்தா?

ஆனால் அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு ஊர் ஃபோல்டரிலும் 1, 2, 3 என்றுதான் அந்தக் காலத்தில் படங்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். பெயரைப் பார்த்து டூப்ளிகேட் என்று தள்ளினால் பாதி ஊர் காலி. விழட்டும்.

வஹீதா விழவில்லை. புரோகிராம் பெயரைப் பார்க்கவேயில்லை. படத்தின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு குறியீடு எடுத்து ஒப்பிட்டது. முகப்பிலும் செய்திப் பக்கத்திலும் வேறு வேறு பெயரில் கிடந்த ஒரே கூட்டப் படத்தை ஒருமுறைதான் வைத்துக்கொண்டது. ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்து எல்லா 1-களையும் தனித்தனியாகக் காப்பாற்றியது.

"அக்கா, டீ சொல்லட்டுமா?" என்றாள் வஹீதா.

"எனக்கு வேணாம்."

பிறகுதான் ஜோதி அதைக் கண்டாள். ஐகான், அம்புக்குறி, ஃபேஸ்புக் பொத்தான் என்று நூறு பிக்சலுக்குக் குறைந்ததையெல்லாம் புரோகிராம் தள்ளிக்கொண்டிருந்தது. உறுப்பினர் பக்கத்தில் இருப்பது எண்பது பிக்சல் முகங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது என்று ஜோதியே சின்னதாக்கி வைத்தவை. தொட்டால்தான் பெரிய படம் திறக்கும். புரோகிராமோ பக்கத்தில் தெரியும் படத்தை மட்டும் பார்த்தது. அதன் பின்னாலிருக்கும் இணைப்பைப் பார்க்கவில்லை. ஒரு முகம்கூட வரவில்லை.

ஜோதி வாயைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை சங்கத்தார் கேட்கும்போது தெரியட்டும், மரியாதைக்காரியின் லட்சணம்.

போன் அடித்தது. சங்கச் செயலாளர் பொன்னுத்தாய்.

"ஏம்மா ஜோதி, எங்க ஆளுங்க மூஞ்சியெல்லாம் வந்துருச்சா? அம்மாசி தெனம் கேட்டு உசுர எடுக்குறாரு. மீசைய முறுக்கிவிட்டு நீ எடுத்த படமாம், அதுமாதிரி இனி அமையாதாம்."

ஜோதி சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடுவதற்குள் சுருக்கென்றது. அந்த மீசை அவள் எடுத்தது. வஹீதா தோற்கட்டும், சரி. தான் எடுத்த மீசையை வஹீதாவா தொலைப்பது?

போனை வைத்தாள். "வஹீதா, உறுப்பினர் பக்கத்துல ஒருத்தர் மூஞ்சியும் இல்ல. என்னத்தப் பாத்து எழுதுன?"

வஹீதா திறந்து பார்த்தாள். "ஐயோ அக்கா! ஐகான்னு தள்ளிருச்சு. இதை யாரு இவ்ளோ சின்னதா வச்சது?"

"நான்தான். பெருசு லிங்க்குக்குப் பின்னால இருக்கு."

மணி ஐந்தரை. வஹீதா இணைப்பிலுள்ள படங்களையும் எடுக்கும்படி திருத்தினாள். "அந்த ரெண்டு செகண்ட எடுத்துரும்மா, மூடிருவான்" என்று பதறினார் சார்.

"வேணாம் சார்!" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில். அது நோஞ்சான் சர்வர். மொத்தமாகப் போய் மோதினால் கதவைச் சாத்திவிடும். அவளோடு சேர்ந்து சொன்னதற்காக ஜோதிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாசியின் மீசை இறங்கியது. அதற்குப்பின் இரண்டொரு முகம். அதோடு எல்லா முகமும் வந்து முடிந்தது.

"இனிமே சங்கத்த ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கங்க" என்று சார் கிளம்பினார். சேர்ந்து!

"லெட்டர் நீங்க எழுதுங்கக்கா. அவங்களுக்கு உங்களத்தான் தெரியும்" என்றாள் வஹீதா. அந்த நல்ல குணமும் ஜோதிக்குக் குத்தியது.

பென்டிரைவோடு வைக்கும் கடிதத்தை முறைப்படி எழுதினாள். படங்களை இறக்கியவர் வஹீதா என்று, மனசில்லாமல், ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாமல். கையெழுத்துப் போட்டபின் கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'எதுவானாலும் என் நம்பருக்கே கூப்பிடுங்க.' நம்பருக்கு அடியில் இரண்டு கோடு.

வஹீதா எட்டிப் பார்ப்பதற்குள் கவரில் போட்டு, பசை தடவி, கட்டை விரலால் ஓரம் முழுக்க அழுத்தி, தெருமுனைக் கூரியர் கடையில் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.