கற்பகம் விற்காத வீடு

களம்பூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் அறைக்கு வெளியே வரிசை குறைந்த நேரம், செவிலியர் கற்பகம் ஆடிட்டர் எழிலரசனின் மின்னஞ்சலைத் திறந்தாள்.

"மேடம், உங்களுக்கு வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஆரணி வீட்டை 34 லட்சத்துக்கு விற்றதாகப் பத்திரப்பதிவுத் துறைத் தகவல். உங்கள் ரிட்டர்னில் அது இல்லை. அந்த வருடக் கணக்கை ஏன் மறுபடி திறக்கக் கூடாது என்று கேட்கிறார்கள்.

1. விற்றது உண்மையா என்று சொல்லுங்கள்.
2. பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் எடுங்கள்.
3. அந்த வருட பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்புங்கள்.

18ஆம் தேதிக்குள் பதில் போட வேண்டும்."

கற்பகம் இரண்டு முறை படித்தாள். அது அம்மா அவள் பேருக்கு எழுதி வைத்த வீடு. குடியிருப்பவர்களின் வாடகையை அண்ணன் தனசேகரன் மாதாமாதம் தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தான். வேறு யாருக்கோ வர வேண்டிய நோட்டீஸ் ஆள் மாறி வந்திருக்கும் என்றே நினைத்தாள்.

மறுநாள் லீவு போட்டு வில்லங்கச் சான்று எடுத்தாள். நோட்டீஸில் தப்பில்லை. விற்றவர் கற்பகம்; அவள் சார்பில் கையெழுத்திட்டவர் அதிகார முகவர் தனசேகரன். வாடகை விவகாரத்துக்கு என்று சொல்லி அவன் பவர் பத்திரம் எழுதி வாங்கியபோது அவள் தாள்களைப் படிக்கவில்லை.

தனசேகரனின் பட்டுக் கடையில் வாடிக்கையாளர் யாருமில்லை. அவள் நீட்டிய தாளைப் பார்த்ததும் அவன் மறுக்கவில்லை. பெங்களூர் பார்ட்டி சேலைக்குப் பணம் தராமல் ஓடிவிட்டதாகவும், பேங்க்காரர்கள் கடையைப் பூட்ட வந்ததாகவும், அந்தக் கடனை அடைக்கவே வீட்டை விற்றதாகவும் சொன்னான். வாடகை என்று அனுப்பியதெல்லாம் அவன் கைப்பணம்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ வேலைக்குப் போய்கினு நிம்மதியா இருந்த. பொண்ணுக்கு வேற இப்பதான் சம்மந்தம் பேசிகினு இருக்கோம். பணத்தை நீயே வாங்கிக்கினதா எழுதிடு கற்பகம். வெளியே தெரிஞ்சா அவ வாழ்க்கை போயிடும்."

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழிலரசனின் ஆபீசுக்குப் பஸ் ஏறினாள்.

எழிலரசன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: பவரில் விற்றாலும் சட்டப்படி விற்றது அவள்தான். லாபத்துக்கு வரி, வட்டி எல்லாம் அவள் தலையில் விழும். அம்மா வாங்கிய விலையைக் கழித்துக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். பணம் வாங்கியதாக எழுதினால் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வரவு எங்கே என்று கேட்பார்கள். அண்ணனிடமிருந்து மீட்பது தனி வழக்கு, அதற்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

"உள்ளதைச் சொல்லுங்க மேடம், அப்படியே போட்டுடுறேன்."

கற்பகம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். விற்பனை நடந்தது உண்மை. தனக்குத் தெரியாது. பணம் முழுவதும் அண்ணன் வாங்கினார். 'அண்ணன்' என்று சொல்லும்போது மட்டும் நிறுத்தித் தண்ணீர் கேட்டாள்.

எழிலரசன் படித்துக் காட்டினார். "அனுப்பிடட்டுமாங்க?"

தனசேகரன் மூன்றாவது முறையாகப் போன் அடித்துக்கொண்டிருந்தான். கற்பகம் அதை எடுக்காமல் தலையசைத்தாள்.

வரி விசாரணை கடை வரைக்கும் வந்து விஷயம் வெளியே தெரிந்தது; அண்ணன் மகளின் கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. தனசேகரனின் வீட்டில் அவளுக்கு அதன் பிறகு யாரும் கதவு திறக்கவில்லை.