துணியில் ஏற்றிய சொல்

ஸ்டுடியோவில் படம் திருத்துகிறவனுக்கு அந்த வேலை வந்தபோதே தெரியும், ஆலைத் தொழிலாளர் போராட்டப் படத்தில் பேனரின் ஓரத்தைப் பிடித்து நிற்பவன் தன் அண்ணன்தான் என்று. 'கூலி உயர்வு வேண்டும்' என்ற எழுத்தோடு காற்றில் படபடத்த துணியில், அந்த வரிக்குக் கீழே 'கொளுத்துவோம்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னார் ஆலை மேலாளர். ஸ்டுடியோ முதலாளி தலையாட்டினார். தம்பியும் 'சரி' என்று படத்தை வாங்கிக்கொண்டான்.

வேலையிலும் அவன் குறை வைக்கவில்லை. துணியின் மேடு பள்ளத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக்கி, லேசாக மங்கவைத்து, அதன்படி எழுத்துகளை வளைத்தான். மடிப்பின் நிழலை அவற்றின்மேல் விழவைத்தான். கடைசி எழுத்தின் நுனியை அண்ணன் விரலுக்குப் பின்னால் மறைத்தான்.

நாலாம் நாள் அண்ணன் ஆலை அனுப்பிய விசாரணைக் கடிதத்தையும் படத்தையும் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டான்.

"வேலையை விட்டே தூக்கப் போறாங்களாம்டா. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன்தானே? இத்தாம்பெரிய சொல்லு என் கைக்குள்ளயே இருந்திருக்கு, பாக்காம பிடிச்சிட்டு நின்னிருக்கேன். கூட நின்னவங்க முகத்துல எப்படிடா முழிப்பேன்?"

தம்பி கூனிக்குறுகிப் போனான். கணினியில் அந்தப் படத்தைத் திறந்து, சொல்லைத் தனியாக ஏற்றியிருந்த அடுக்கை ஒரே தட்டில் மறைத்தான். அந்த இடத்தில் வெறும் துணி படபடத்தது.

அண்ணன் கையிலிருந்த படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அப்ப என் கண்ணுல கோளாறு இல்ல," என்றான். பிறகு தம்பியின் முகத்தைப் பார்க்காமல், "எந்திரி. இதை அவங்க எல்லாருக்கும் நீயே காட்டு," என்றான்.

தம்பி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். அண்ணன் வாசலுக்குப் போய், அவன் வருவதற்காக அங்கேயே நின்றான்.