முதலில் கழற்றி, பிறகு மாட்டி

எங்கள் வூட்டில் போன் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் தலையில்தான் விழும். பாப்பாரப்பட்டியில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை செய்கிறவனுக்குப் போனும் ஒரு இயந்திரம்தானே என்று அப்பா நஞ்சப்பன் நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் அந்தப் புதன்கிழமை அது நடந்தது.

தங்கை மலர்விழிக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். வியாழன் மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். உறுதி செய்ய ஓடிபி வரும், அதுவும் பதிவு செய்த எண்ணுக்கு மட்டும். அந்த எண் மலர் வைத்திருந்த பழைய போனில், அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகிற இ-சிம்மாக இருந்தது. சிம் போடுகிற தட்டு உடைந்துபோன போன் அது. இப்போது திரையின் கீழ்ப் பாதியும் செத்துவிட்டது, அங்கே எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசையாது. நாளைக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள் பயந்தாள். தெரிந்தவர் பயன்படுத்திய, இ-சிம் ஏற்கிற ஒரு போனை வாங்கி வந்தேன், எங்களுக்கு அதுதான் புதுப் போன்.

காலை பத்தரை மணி, மலரும் என் கடைக்கு வந்திருந்தாள். சிம் மாற்றுவதென்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பழையதில் கழற்ற வேண்டும், புதியதில் மாட்ட வேண்டும். பழைய போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, வேலை செய்கிற பாதியில் தொட்டே செட்டிங்ஸில் அந்த இ-சிம்மைத் தேர்ந்தெடுத்தேன். இதை நீக்கினால் மறுபடி பெற நிறுவனத்தைத்தான் அணுக வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அதை இறக்க ஒன்றரை வருடம் முன்பு மெயிலில் வந்த கியூஆர் படம் என்னிடம் இருக்கிறதே என்ற தைரியத்தில் நீக்கு என்று அமுக்கினேன்.

பிறகு அந்தப் படத்தைக் கடையிலிருக்கும் கணினியில் திறந்து புதுப் போனைக் காட்டினேன். இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தது. மூன்று தடவை காட்டினேன், மூன்று தடவையும் அதேதான். என் போனிலிருந்து மலரின் எண்ணைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது.

மலர் என் கையிலிருந்து போனை வாங்கினாள். என் போனின் இணையத்தில் புதுப் போனை இணைத்து, கலந்தாய்வுப் பக்கத்தில் ஓடிபி அனுப்பு என்பதை அமுக்கிப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி அமுக்கினாள். இன்னும் ஒரு முறை மட்டுமே கேட்க முடியும் என்று சிவப்பு எழுத்தில் வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"அண்ணா, என் நம்பர் வேற யாருக்காச்சும் போயிருமா?"

வண்டிச் சாவியை எடுத்தேன்.

தருமபுரியில் சிம் கொடுத்த நிறுவனத்தின் கடைக்குப் போனோம். அங்கே சசிகலா என்று ஒரு பெண் இருந்தார். நான் சொல்லி முடிக்கும் முன்னேயே அவருக்குப் புரிந்துவிட்டது. வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வருவார்களாம். எண் போனுக்குள் இல்லை, நிறுவனத்திடம் வாங்கியவர் பெயரில் இருக்கிறது, நீக்கியது போனில் இருந்த பதிவை மட்டும்தான், யாருக்கும் போகாது என்று மலரைப் பார்த்துச் சொன்னார். புதுப் பதிவு இறக்கும் வரை அந்த எண்ணுக்கு எதுவும் வராது, அவ்வளவுதான். பழைய கியூஆர் ஒரு தடவை இறங்கியதோடு சரி, இனி அது வெறும் படம்.

"ஆஃப் பண்ணியிருந்தா மறுபடி ஆன் பண்ணியிருக்கலாம்ங்க. நீங்க அழிச்சிட்டீங்க," என்றார் என்னிடம்.

பிறகு எண் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். அப்பா பெயரில். அப்படியானால் அவரே வந்து கைரேகை வைக்க வேண்டும்.

அப்பா வத்தல்மலையில் ஒருவருடைய மானாவாரிக் காட்டில் கூலி வேலைக்குப் போயிருந்தார். அவர் போனுக்கு அங்கே சிக்னல் கிடைப்பது மழை வருவது மாதிரி, எப்போதாவதுதான். மலரை ஆதார் அட்டை எடுத்துவர பஸ்ஸில் வூட்டுக்கு அனுப்பிவிட்டு நான் வண்டியில் மலை ஏறினேன். அவரைக் கண்டுபிடிக்கும்போது மணி ஒன்றரை. விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த மண்ணை உதறிவிட்டு வண்டியில் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரத்துக்கு வந்ததும், "டிராக்டர்ல கியர் பாக்ஸைக் கழட்டுறதுக்கு முன்னால புதுசு பொருந்துமான்னு பாப்பியா மாட்டியா?" என்று கேட்டார்.

கடையில் அவருடைய கட்டைவிரல் பதியவில்லை. ஆள்காட்டி விரலும் பதியவில்லை. மண்ணில் கிடந்து ரேகை தேய்ந்த கை. சசிகலா ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார். இடது கை நடுவிரலில்தான் பச்சை விளக்கு எரிந்தது. புதுப் போனின் முப்பத்திரண்டு இலக்க எண்ணை மலர் வாசிக்க வாசிக்க அவர் தட்டினார். புதுக் கியூஆர் வந்தது. கடை வைஃபையில் இணைத்து இறக்கினோம். நாலு இருபத்தைந்துக்குப் புதுப் போனில் சிக்னல் கோடுகள் எழுந்தன. நான் கூப்பிட்டேன், மணி அடித்தது. மலர் முகத்தில் அப்போதுதான் களை வந்தது.

ஓடிபி கேட்க அவள் விரல் போனபோது சசிகலா கையை நீட்டித் தடுத்தார்.

"இரும்மா. கால் வரும், நெட்டு வரும். மெசேஜ் ஒரு நாளைக்கு வராது. சிம் மாத்துனா யாருக்கும் அப்படித்தான், திருட்டுத்தனத்தைத் தடுக்க வெச்ச விதி. நாளைக்கு இதே நேரம் ஆகோணும்."

ஒழுங்காக மாற்றியிருந்தாலும் இந்த இருபத்துநாலு மணி நேரம் மெசேஜ் நின்றிருக்குமாம். நாளை சாயங்காலம் எல்லாம் முடிந்த பிறகுதான் சிம்மைத் தொட்டிருக்க வேண்டும், அதுவரை பழைய போனின் மேல் பாதியிலேயே ஓடிபி தெரிந்திருக்கும். அழிக்காமல் இங்கே வந்திருந்தால் அதை அப்போதே சொல்லியிருப்பேன் என்றார்.

நாளை நாலு இருபத்தைந்து. கெடு ஐந்து மணி. நடுவில் முப்பத்தைந்து நிமிடம்.

மறுநாள் காலை முழுவதும் கலந்தாய்வு உதவி எண்ணை அழைத்தேன். ஒரே ஒரு தடவை எடுத்தார்கள். பதிவு செய்த எண்ணை மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

மூன்று மணிக்குக் கடையில் சொல்லிவிட்டு வூட்டுக்கு வந்தேன். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. மலர் பக்கத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். எஞ்சியிருப்பது ஒரே ஒரு வாய்ப்பு, ஓடிபி பத்து நிமிடம்தான் செல்லும். அதனால் முதலில் என் போனிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்ப்பது, அது வந்த பிறகே பட்டனைத் தொடுவது என்று முடிவு செய்தோம்.

நாலு இருபத்தைந்துக்கு ‘1’ என்று அனுப்பினேன். வரவில்லை. நாலு இருபத்தெட்டுக்கு ‘2’. நாலு முப்பத்தொன்றுக்கு ‘3’. அப்பா எழுந்து போய் வாசலில் நின்றார், திரும்பி வந்தார். நாலு முப்பத்தாறுக்கு ‘4’ அனுப்பினேன். மலர் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஒருவேளை அந்தக்கா கணக்கு தப்பா இருந்தா?"

நாலு நாற்பதுக்கு ‘5’. அதுவும் போய் எங்கோ நின்றது. இனியும் காத்திருப்பதா, வந்தது வரட்டும் என்று அமுக்கிவிடுவதா என்று எனக்கே தெரியவில்லை. அமுக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இன்னும் ஒன்று அனுப்பச் சொன்னாள்.

நாலு நாற்பத்தாறுக்கு ‘6’ அனுப்பினேன். மலரின் கையில் போன் அதிர்ந்தது. முந்திய ஐந்தும் வரவில்லை, ஆறு மட்டும் வந்திருந்தது.

அவள் அமுக்கினாள். அரை நிமிடத்தில் ஆறு இலக்கங்கள் வந்தன. அவள் சத்தமாக வாசித்தபடியே தட்டினாள், ஒவ்வொரு இலக்கத்துக்கும் அப்பாவின் உதடு அசைந்தது. பக்கம் சுற்றியது. நாலு ஐம்பதுக்கு உறுதி செய்யப்பட்டது என்று பச்சையில் வந்தது. மலர் அதைப் படம் பிடித்து என் போனுக்கும் அனுப்பினாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

அப்பா வேட்டியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே, நேற்று ரேகை பதிந்த இடது கை நடுவிரலைத் தூக்கிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய போனைக் கழிவுக்குக் கொடுக்கலாம் என்று எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். உறுதியாகவா என்று கேட்டது. உள்ளே இனி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போனை மலரிடம் நீட்டினேன்.

அவள் இரண்டு முறை படித்துப் பார்த்தாள். "இப்ப அமுக்குண்ணா," என்றாள்.