பதினாறு புள்ளியில் ஒரு சாயா

கொச்சி மட்டாஞ்சேரி கடைவீதியில், இஞ்சி மூட்டை அடுக்கிய கிடங்கின் மாடியில் இருந்தது அந்தச் சின்னக் கம்பெனி. வளைகுடா மலையாளிகள் செல்போனில் அரட்டையடிக்க ஒரு மென்பொருள் தயாராகிக்கொண்டிருந்தது. 2007ஆம் வருடம். அதற்கு எமோஜி, அதாவது செய்திக்கு நடுவே வைக்கிற குட்டிப் படங்கள், வரைய வந்தவள் இசக்கிசெல்வி. ஆறு மாதத் தற்காலிக வேலை சனிக்கிழமையோடு முடிகிறது. கடைசிப் படம் சாயா, நம்மூர் டீ. அது தேறினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு.

தேர்வும் லேசுப்பட்டதல்ல. முதலாளி லக்ஷ்மிநாராயணன் படத்தைப் போனில் ஏற்றி, உச்சி வெயிலில் தெருவில் இறங்கி, முன்பின் தெரியாத மூன்று பேரிடம் கையை நீட்டிக் காட்டுவார். மூவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட வேண்டும்.

அவள் திரையில் பெரிதாக்கி வைத்து, வரிவரியான கிளாஸ், நுரை, சுருள் சுருளாக ஆவி என்று இழைத்திருந்தாள். ஆபீஸில் எல்லோரும் "சாயா" என்றார்கள். சொல்லாமல்? ஒரு வாரமாக அவள் சாயா வரைவது தெரிந்த கதைதானே! பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா முப்பிடாதியிடம் நீட்டினாள். அவருக்கு மாநகராட்சியில் துப்புரவு வேலை.

"எங்க டிவிஷன் குப்பத்தொட்டியில்லா இது! மேல ஈ வேற மொய்க்கி."

அழுகையே வந்துவிட்டது. ஆனால் உற்றுப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. போனில் படத்துக்குக் கிடைக்கும் பதினாறுக்குப் பதினாறு புள்ளிக்குள் கிளாஸின் வரிகள் தொட்டிக் கம்பிகளாகிவிட்டன. ஆவி துண்டு துண்டாக உடைந்து ஈயாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து, வெளிவடிவம் மட்டும் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் படம் முழுவதையும் கறுப்பால் நிரப்பினாள். தெரிந்தது வெறும் வாளி. உள்ளே என்ன கோலம் போட்டு என்ன, வெளிவடிவமே சாயா என்று சொல்லவில்லையே! எரிச்சலோடு கீழே சாயா குடிக்கப் போனாள். கடைக்காரர் சங்கிலிப்பாண்டி கையை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்தார். மேலே சாய்ந்த குவளை, கீழே கிளாஸ், நடுவே வளைந்து விழும் சாயா. கறுப்பாக்கினாலும் அதை வேறெதுவாகவும் நினைக்க முடியாது. பாதி கிளாஸை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

ஆவி போயிற்று, வரிகள் போயின. மேல் மூலையில் குவளை, இரண்டு புள்ளி தடிமனில் ஒரு வளைவு, கீழ் மூலையில் கிளாஸ். அடர்ந்த பழுப்பின் மேல் வெளிர் நுரை ஒரே பட்டை. வெள்ளைத் திரையில் கரையாதிருக்கச் சுற்றிலும் கருங்கோடு. அவ்வளவுதான்.

மணி பன்னிரண்டு. வெயில் கொளுத்தியது. லக்ஷ்மிநாராயணன் போனோடு தெருவில் இறங்கினார், பின்னாலேயே அவளும்.

சுமைதூக்கும் தொழிலாளி ஷிபு எட்டிப் பார்த்தார். "அடிச்ச சாயா அல்லே?"

மீன்கூடையோடு வந்த வீரலட்சுமி, "ஒருத்தன் சாயா ஆத்துதான். இதுக்குப் போயி நிப்பாட்டுதியளே!" என்று சிடுசிடுத்தாள்.

மூன்றாவது ஆள், வியர்த்து வழிந்த மிளகு வியாபாரி. போனைப் பார்த்தார். இசக்கிசெல்வி அவர் வாயையே பார்த்தாள். அவர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு கடைப்பக்கம் திரும்பினார்.

"பாண்டிச் சேட்டா, ஒரு சாயா!"

லக்ஷ்மிநாராயணன் சிரித்துவிட்டார். "கூட ரெண்டு போடும் பாண்டி. எனக்கொண்ணு, நம்ம பெர்மனன்ட் ஸ்டாஃபுக்கு ஒண்ணு."