ஒரே டிராயரில் போட்டது

அந்த மானிட்டர் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது நான் தம்பியைத்தான் திட்டினேன். பட்டறையில் நாங்கள் இருவர்தான். பாகங்களைத் தேர்ந்தெடுப்பது நான், பற்றவைப்பது அவன். மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

"காலையில ஆன் பண்ணா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. ஒரு மணி நேரம் கழிச்சு நல்லா ஓடுது. இதை நம்பி எப்படி நோயாளிக்கு மாட்டுறது?" என்று நர்ஸ் போனில் சத்தம் போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதல் முறை வந்தபோது பவர் சப்ளையில் வெளியீட்டுப் பக்கம் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் ஒரு கெப்பாசிட்டர் வீங்கியிருந்தது. அதே ஆயிரம் மைக்ரோஃபாரட், அதே பதினாறு வோல்ட், புதியதாக எடுத்துக் கொடுத்தேன். அவன் பற்றவைத்தான். மீட்டரில் பார்த்தால் ஆயிரத்துப் பத்து. இதற்குமேல் ஒரு கெப்பாசிட்டர் என்ன செய்ய வேண்டும், பாட்டா பாட வேண்டும்?

இந்த முறை காலைக் குளிரில் மானிட்டரைத் திறந்து, போர்டை மேசையில் வைத்து ஓட்டினேன். அணைந்து அணைந்து எரிந்தது. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை ஊதினேன். உடனே ஒழுங்காக ஓடியது.

"பாத்தியா? சூடு பட்டதும் விரிசல் ஒட்டிக்குது. உன் சோல்டர்தான்டா."

"அக்கா, ரெண்டு தடவை மறுபடி வெச்சுட்டேன். விரிசலே இல்ல."

"அப்போ உன் கை சரியில்ல."

அதை அன்று மட்டும் சொல்லவில்லை. மானிட்டர் வந்து வந்து போன அந்த மூன்று வாரத்தில் பலமுறை சொன்னேன். அவன் வேறு ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டான். சனிக்கிழமை அவனுக்கு இங்கே கடைசி நாள். அது எனக்கு இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை அவன் பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான். குற்றம் அவன் கையில்தான் என்று நிரூபித்துவிட்டே அனுப்புவது என்ற வீம்பில் அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றினேன். ஆறவிட்டு மீட்டரில் பார்த்தேன். மறுபடியும் ஆயிரத்துப் பத்து. மேசை ஓரத்தில் அவன் வாங்கிய ஈ.எஸ்.ஆர் மீட்டர் கிடந்தது, நான் பொம்மை என்று கேலி செய்தது. கெப்பாசிட்டருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் தடையை அளக்கிற கருவி அது. எரிச்சலில் அதையும் வைத்தேன். 0.4 ஓம்.

எங்கள் டிராயரிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். அதே ஆயிரம், அதே பதினாறு, உறை மட்டும் வேறு நிறம். 0.03.

எதுவும் விளங்காமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். "ரெண்டும் ஒண்ணுதானேடா?"

அவன் பையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். "உன் மீட்டர் மெதுவா அளக்குது, அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சப்ளை செகண்டுக்கு லட்சம் தடவை கரண்டை விட்டு விட்டு அனுப்புது. அந்த வேகத்துல எத்தனை மைக்ரோங்கிறது பெரிய விஷயமில்ல, உள்ள இருக்கிற தடைதான் முன்னால நிக்கும். ரெண்டு ஆம்பியர் ஏறி இறங்குதுன்னு வெச்சுக்க, 0.4 ஓம்ல எவ்வளவு ஆடும்?"

"0.8 வோல்ட்," என்று கணக்குப் போட்டேன். ஐந்து வோல்ட் அப்படி ஆடினால், அது தாழும்போதெல்லாம் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மானிட்டர் தானாகவே அணைந்து மறுபடி தொடங்கும். மற்றதில் 0.06 தான் ஆடும். "அப்போ சூடு பட்டா சரியாகுறது?"

"குளிர்ல அந்தத் தடை ஏறும், சூட்டுல இறங்கும். ஆனா அந்தத் தடையாலயே உள்ள வெந்து வெந்து, நாளாக நாளாக இன்னும் கெட்டுப் போகும்."

ஒரே மதிப்பு, இரண்டு சாதி. சப்ளைக்கென்றே செய்தது ஒன்று, சாதாரண வேலைக்கு ஒன்று. அவன் இரண்டையும் தனித்தனி டிராயரில் வைத்திருந்தான். போன மாதம் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, ஒரே எண்ணுக்கு எதற்கு இரண்டு டிராயர் என்று ஒன்றாகக் கொட்டியதும், அதிலிருந்து சாதாரணத்தை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தையும் கோணலாக்கிவிட்டு, ஆடியவன் காலையும் குறை சொல்லியிருக்கிறேன்.

வெட்கத்தில் காது சுட்டது.

"உன் கை நல்ல கைடா," என்றேன்.

அவன் ஜிப்பை இழுத்து மூடினான். "ஆறு தடவை சரியில்லன்னு சொன்ன. நான் எண்ணினேன்."

"நல்ல கை," என்றேன். "நல்ல கை. நல்ல கை." அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே விரல் மடக்கினான். ஐந்து விரலும் மடங்கும்வரை சொன்னேன். ஆறாவதை நான் சொல்வதற்குள் அவன் பையைத் திறந்து சோல்டர் அயர்னை வெளியே எடுத்துவிட்டான்.

"அந்த 0.03-ஐ இங்க குடு. நர்ஸ் காத்துட்டிருப்பாங்க," என்றான். "அப்புறம் ஆறாவது பாக்கி இருக்கு."