பெரிய வீரர்தான், போங்க

பிரிக்ஃபீல்ட்ஸ் கொட்டகையில் இங்கிலீஷ் பேசும்படம் ஓடினால், பக்கத்துச் சின்னத் திரையில் தமிழ் வசனம் விழும். அதைக் கண்ணாடித் தகட்டில் எழுதுகிறவன் நான்.

போன வாரப் படத்தில், திருடனுக்குப் பயந்து கட்டிலடியில் ஒளிந்த புருஷனைப் பார்த்து வெள்ளைக்காரி ஒரு வார்த்தை சொன்னாள். "நீங்கள் மிகவும் தைரியசாலி" என்று சொல்லுக்குச் சொல் எழுதினேன். இளக்காரமெல்லாம் அவள் குரலில் இருந்தது. இங்கிலீஷ் குரலின் நெளிவு நம் ஜனங்களுக்குப் பிடிபடுமா? நிஜமாகவே புகழ்கிறாள் என்று நம்பி ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலாளி அந்தத் தகட்டை ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வீரசிங்கத்திடம் கொடுத்துவிட்டார். அவன் யாழ்ப்பாணத்தான்; ஆனாலும் எங்கள் பெண்டுகளின் வீட்டுப் பேச்சைத் திருடி எழுதினான்: "பெரிய வீரர்தான், போங்க."

அடுத்த ஆட்டத்தில் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி தங்கமணியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. என் எழுத்துக்கு அவள் பல்லைக்கூடக் காட்டியதில்லை.

வீட்டில் சாப்பிடும்போது கேட்டேன். "என்னைவிட அவன் நல்லா எழுதுறானோ?"

அவள் குழம்பை ஊற்றினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"உங்களைவிடவா? நீங்க பெரிய பண்டிதர்தான், போங்க."