அஞ்சு கட்டையில் ஒரு சாட்சி

"என் கையைப் படம் எடுத்து இன்னாம்மா பண்ணப் போற? கிழவன் கை. நரம்பு நரம்பா இருக்குது" என்று யேசுதாஸ் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

திரிஷா கேட்கிற பெண்ணா? அவருடைய தங்கச்சி மகள். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோவில் நாலு வருஷமாக எடிட்டிங் பண்ணுகிறாள். ஸ்டூடியோ கேமராவை முதலாளியிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கி வந்திருந்தாள். இன்னொரு கேமரா அவளுடைய போன்தான்.

"மாமா, போன்ல நீங்களும் அத்தையும் முழுசா தெரிவீங்க. அதையே நாலு நிமிஷம் காட்டினா எவன் பாப்பான்? நடுநடுவுல வெட்டிப் போட இன்னொரு ஆங்கிள் வேணும். அதுலயும் அத்தை மூஞ்சியே வந்தா வெட்டற இடத்துல தலை குதிக்கிற மாதிரி இருக்கும். ஆர்மோனியத்து மேல உங்க விரல் ஓடறதுன்னா அழகா ஒட்டிக்கும்."

"ஒரே ஆங்கிள் போதும்மா. சாமி பாட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அட, எடுத்தா எடுத்துட்டுப் போவட்டும்பா" என்றாள் அன்னம்மாள், கண்ணாடி முன்னால் பின்னை வாயில் கவ்விக்கொண்டு. "கல்யாணத்துக்குக்கூட இப்பிடிக் கூச்சப்படல இந்த மனுசன்."

கூச்சமாவது ஒன்றாவது! மனுஷனுக்குப் பயம் வேறு விஷயத்தில். அந்த விஷயம் அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிமோனியா வந்து அன்னம்மாள் பதினோரு நாள் தொண்டையில் குழாயோடு கிடந்தாள். பிழைத்ததே பெரிது. வீட்டுக்கு வந்து மூன்று மாசம் பேச்சே கரகரவென்றுதான் வந்தது. சபையில் முப்பது வருஷம் பாடிய பெண். அவளுக்கு எப்போதும் அஞ்சு கட்டை. ஆர்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டையை சட்ஜமாக, பாட்டின் ஆதார சுருதியாக, வைத்து அவர் வாசிப்பார், அவள் அதற்கும் மேலே ஏறி நிற்பாள். குழாய்க்குப் பிறகு முதல் நாள் பாட உட்கார்ந்தபோது, சரணத்தின் உச்சியில் வெறும் காற்றுதான் வந்தது. அன்று அவள் அழுத அழுகையை யேசுதாஸ் இன்னும் மறக்கவில்லை.

மறு வாரம் சொல்லாமல் அரைக் கட்டை இறக்கி வைத்தார். கொஞ்சம் சுலபமாக இருந்தது அவளுக்கு. மறு மாசம் நாலு. பிறகு மூணு. எதிரே உட்கார்ந்து பாடுகிறவளுக்கு ஆர்மோனியத்தின் முதுகும் துருத்தியும்தான் தெரியும், கட்டை தெரியாது. மூணு கட்டையில் குரல் தடங்கல் இல்லாமல் உச்சிக்குப் போய் நின்றதும் அவள் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றாள். அவரும் ஸ்தோத்திரம் என்றார். பாவி, அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்!

சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு சாட்சி சொல்கிற நேரத்தில் அன்னம்மாள் எழுந்துவிட்டாள். "குழாய் போட்ட தொண்டை இது. டாக்டரு பழையபடி பாட முடியாதுன்னு சொன்னாரு. என் தேவன் அதே அஞ்சு கட்டையை எனக்குத் திருப்பிக் குடுத்தாரு" என்று பீடத்துக்கு முன்னால் நின்று சொன்னாள். சபையே அல்லேலூயா போட்டது. நாற்பது குடும்பம், ஒரு ஆர்மோனியம், இரண்டு கஞ்சிரா உள்ள சபை அது. காதால் கேட்டே கட்டையைச் சொல்லத் தெரிந்த ஆள் யேசுதாஸைத் தவிர யாரும் இல்லை. அன்றிலிருந்து அவள் எந்த வீட்டு ஜெபத்துக்குப் போனாலும் அதே சாட்சிதான். போன மாசம் அதையே பாட்டாகக் கட்டினாள். அந்தப் பாட்டுக்குத்தான் இன்றைக்கு இந்த ரெக்கார்டிங்.

அமாவாசையாகப் பார்த்து நாள் வைத்திருந்தார்கள். அமாவாசையில் பக்கத்து வீட்டு முருகேசன் தறியில் உட்கார மாட்டார். மற்ற நாளில் அந்தத் தறிச் சத்தம் சுவரைத் தாண்டி வந்து விழும். திரிஷா மின்விசிறியை நிறுத்தினாள், பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்ததால், மறு பக்கத்தில் நாற்காலி மேல் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு முகத்து நிழலைக் குறைத்தாள். லைட் வாடகைக்கு எடுக்க வழியில்லை. இரவல் வாங்கிய சின்ன ரெக்கார்டரை அன்னம்மாளின் மார்பு உயரத்தில், அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஆர்மோனியம் சும்மாவே குரலை அமுக்கிவிடும், அதனால் அது கொஞ்சம் தள்ளிப் போனது. துருத்தி தரையில் இடிக்கிற சத்தம் வராமல் இருக்க அடியில் துண்டு. போனை விமான மோடில் போட்டாள், இரண்டு கேமராவிலும் நிறம் ஒன்றுபோல் வரும்படி பூட்டி வைத்தாள். கடைசியில் யேசுதாஸின் தோள் பக்கமாக ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவை அவர் விரலைப் பார்க்கக் குனிய வைத்தாள்.

யேசுதாஸ் விரலைப் பார்த்தார். அஞ்சில் வைத்தால் குரல் உடையும். மூணில் வைத்தால் கேமராவில் தெரியும். எப்படியும் அகப்பட்டாயிற்று. அவள் எங்கே கட்டையை எண்ணிப் பார்க்கப் போகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மூணில் வைத்தார்.

இரண்டு கேமராவும் ரெக்கார்டரும் ஓடத் தொடங்கியதும் திரிஷா நடுவில் வந்து ஒரே ஒரு தடவை பட்டென்று கை தட்டினாள். பிறகு அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இரண்டு படத்தையும் பாட்டையும் ஒன்றாகச் சேர்ப்பாள். அன்னம்மாள் பாடினாள்.

"போன மூச்சைத் திருப்பித் தந்தீர், அதை உமக்கே பாடி முடிப்பேன்..."

நன்றாகப் பாடினாள். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு நன்றாகப் பாடினாள். திரிஷாவுக்கே கண் கலங்கிவிட்டது.

லேப்டாப்பில் ஏற்றி, தட்டிய இடத்தைப் பொருத்தி, திரிஷா அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். முதலில் இரண்டு பேரும். அப்புறம் விரல். அன்னம்மாள் சிரித்துக்கொண்டே பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

"இன்னாங்க, இவ்ளோ கருப்புக் கட்டைல விரல் வெக்கறீங்க?"

யேசுதாஸ் ஆர்மோனியத்தை மூடப் போனார்.

"கல்யாணமான புதுசுல எனக்குக் கத்துக் குடுத்தீங்களே. அஞ்சுல வெச்சா ஒரே ஒரு கருப்புதான் வரும், மத்ததெல்லாம் வெள்ளைன்னு. இதுல நாலு கருப்பு ஓடுது. திரிஷா, ஆரம்பத்துக்குப் போ. நிறுத்து." அவள் திரையில் விரல் வைத்து எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. "மூணா?"

"அன்னம்மா..."

"எப்பலேர்ந்து?"

"நீ மறுபடியும் பாட உக்காந்த மறு வாரத்துலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமாதான் இறக்கினேன். நீ அழுதியே, அதைப் பாக்க முடியல."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பீடத்துக்கு முன்னாடி நின்னு சொன்னேனே. எத்தினி வீட்டுல சொன்னேன். மரியம்மாள் புருசனுக்கு கேன்சர்னு, அவ கையைப் புடிச்சுக்கினு சொன்னேன், எனக்குக் குடுத்தவரு உனக்கும் குடுப்பாருன்னு. அத்தினியும் பொய்யா? ஆண்டவர் பேரை வெச்சி என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டீங்களே."

"அது என் தப்பு. ஞாயித்துக்கிழமை நானே எழுந்து சபைல சொல்லிடறேன்."

"நீங்க சொன்னா, பொண்டாட்டி மேல எவ்ளோ உசுரு பாரு இந்த மனுசனுக்குன்னு உங்களைத் தட்டிக் குடுப்பாங்க. என்னை இன்னா சொல்வாங்க?"

அவளுக்காகத்தான் செய்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அந்த உடைந்த குரலைக் கேட்கத் தனக்குத்தான் தெம்பில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

அன்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "திரிஷா, எல்லாத்தையும் ஓட வுடு. இன்னொரு தபா எடு. நீங்க அஞ்சுல வைங்க."

"வேணாம் அன்னம்மா."

"வைங்க."

வைத்தார். திரிஷா நடுவில் வந்து தட்டினாள்.

பல்லவியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தாள். அனுபல்லவியில் குரல் கிழிந்தது. சரணத்தின் உச்சியில் வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை. யேசுதாஸின் விரல் தானாகக் கட்டையை விட்டு எழுந்துவிட்டது. துருத்திக் காற்று அடங்கியது. அவள் நிறுத்தவில்லை. ஆர்மோனியம் இல்லாமல், கரகரத்த குரலில், ஒரு வரி விடாமல் கடைசி வரைக்கும் பாடி முடித்தாள்.

"இதைப் போடு" என்றாள் திரிஷாவிடம்.

திரிஷா ரொம்ப நேரம் லேப்டாப்பை இப்படியும் அப்படியும் ஓட்டினாள். "அத்தை, உச்சி இடத்துல உங்க மூஞ்சியைக் காட்ட வேணாம்னு பாத்தேன். வெட்டிக் கைக்குப் போனா, அங்க கையும் இல்ல. வெறும் கட்டைதான் இருக்குது."

"என் மூஞ்சியே இருக்கட்டும்."

சனிக்கிழமை சாயந்திரம் வீடியோ சபை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பாட்டுக்கு முன்னால், நான் சொன்ன சாட்சி சரியில்லை, என் குரல் திரும்பி வரவில்லை, உயிர் மட்டும்தான் வந்தது என்று அவளே பேசியிருந்தாள். வழக்கமாகக் கைகூப்புகிற படமாகப் போட்டு நிரப்புகிற குழுவில் அன்று ஒருவரும் ஒன்றும் போடவில்லை. மரியம்மாள் மட்டும் குழுவை விட்டு விலகியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்னம்மாள் மூன்றாவது வரிசையில் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். அவள் இடத்தில், சபையில் கஞ்சிரா தட்டுகிற காவேரி பாட வந்து நின்றாள். "எத்தினில வெக்கறீங்கண்ணா?" என்று கேட்டாள். யேசுதாஸ் தலையை நிமிர்த்தாமல், "உனக்கு எது வருதோ அதுலம்மா" என்றார். பல்லவி வந்தது, சபை மொத்தமும் கூடப் பாடியது. அவர் ஒரு தடவை மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அன்னம்மாளின் வாய் மூடியே இருந்தது.